அத்தை பேசியதை மனுவாக்கிய கதை: பெரியவர்களுக்காக அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது எப்படி

2024 நவம்பரில், தீபாவளி முடிந்த வாரம், அத்தை தன் மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, மனு எழுதித் தர வேண்டும் என்றார். “சொல்லுங்கத்தை, எழுதுறேன்” என்று உட்கார்ந்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்.

“எழுதிக்கோ தாயி. ஐயா சாமி, நாலு மாசமா எனக்குப் பணம் வரலை. அந்த மெஷின்காரப் பய எடுத்துக்கிட்டான்னு எழுது. உங்க மாமா போய்ப் பதினோரு வருசம் ஆச்சு, அவுக இருந்தா இப்படி ஆபீஸ் ஆபீஸா அலைவேனா? மாத்திரைக்கே மாசம் முன்னூறு ஆகுது. கண்ணு ஆப்பரேசன் பண்ணி மக வீட்டுல கிடந்தேன், ஆடி பொறந்த மறுநா. மருமகன் நல்ல மனுசன், குறை சொல்லப்படாது. பிள்ளையார் சதுர்த்தி கழிச்சுத்தான் ஊருக்கு வந்தேன். வந்து பார்த்தா, தலையாரி வந்து கதவைத் தட்டுனாராம், பக்கத்து வீட்டுக்காரி ‘அது மக வீட்டோட போயிருச்சு’ன்னு சொல்லி அனுப்பியிருக்கா. அந்த வேலித் தகராறுல இருந்தே அவளுக்கு என்மேல காந்தல். கலெக்டருக்கே எழுது. ரேசன் கார்டு எல்லாம் வச்சிருக்கேன்னு எழுது. நான் ஒண்ணும் ஓசில கேக்கலை, கவருமெண்டு எனக்குன்னு குடுத்த காசு.”

முதன்முதலாக மனு எழுத உட்காருகிறவர்கள் இதைக் கேட்டதும் கதையெல்லாம் கழித்துவிட்டு, “நான்கு மாதமாகப் பணம் வரவில்லை, ஆவன செய்யவும்” என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நானும் முன்பு அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் பென்ஷன் ஏன் நின்றது என்பதற்கான விடை அந்த இரண்டு வரியில் இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரி மேல் இருந்த கோபத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் எதையும் வெட்டுவதற்கு முன்னால் முழுவதையும் கேட்க வேண்டும்.

முதல் வேலை: பேசவிட்டு, அப்படியே பதிவு செய்வது

பெரியவர்களிடம் “விஷயத்தை மட்டும் சொல்லுங்க” என்றால் வாயடைத்துப் போவார்கள், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, “நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க” என்று விட்டுவிடுங்கள். பதிவு செய்வதை அவர்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். பேசி முடித்த பிறகு அதைக் கேட்டு, அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் செந்தமிழ் வேண்டாம். “மெஷின்காரப் பய” என்றால் அப்படியே எழுதுங்கள். அது வங்கியின் சார்பில் ஊருக்கு வந்து, கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் முகவர். நீங்களாக அதை “வங்கி ஊழியர்” என்று மாற்றினால் அங்கேயே ஒரு தப்பு நுழைந்துவிடும்.

எழுதிய தாளில் மூன்று விதமாகக் கோடு போடுவது என் வழக்கம். அவர்களே பார்த்தது, அவர்களுக்கே நடந்தது எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு. மற்றவர் சொல்லிக் கேட்டதற்கு இரண்டு கோடு. அவர்கள் நினைப்பதற்கு, சந்தேகப்படுவதற்கு ஒரு சுழி. அத்தை பேச்சில் கண் ஆப்பரேஷன் ஒரு கோடு. தலையாரி வந்தது இரண்டு கோடு, ஏனென்றால் அப்போது அத்தை ஊரிலேயே இல்லை. மெஷின்காரப் பையன் எடுத்துக்கொண்டான் என்பது சுழி.

இரண்டாவது: பையைத் திறந்து பார்ப்பது

எழுதுவதற்கு முன்னால் காகிதங்களைப் பார்த்துவிடுங்கள். பென்ஷன் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது வங்கிப் பாஸ்புக். அதுவும் பழைய பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. வங்கிக்குப் போய் அன்றைய தேதி வரை பதிந்து வாங்க வேண்டும். அத்தையின் பாஸ்புக்கில் கடைசிப் பதிவு அந்த வருட மே மாதத்தோடு நின்றிருந்தது. நான் கூட்டிப்போய்ப் பதிய வைத்தேன்.

பதிந்ததைப் பார்த்ததும் கதையே மாறிவிட்டது. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 1,200 ரூபாய் வீதம் வரவாகியிருந்தது. எடுக்க ஆளில்லாமல் 2,400 ரூபாய் கணக்கிலேயே கிடந்தது. அத்தை மகள் வீட்டில் இருந்த நாட்களில் முகவர் ஊருக்கு வந்து போயிருக்கிறார், கைரேகை வைக்க இவர் இல்லை. அவ்வளவுதான். உண்மையில் நின்றது செப்டம்பரிலிருந்துதான். அத்தை கணக்கில் நாலு மாதம், பாஸ்புக் கணக்கில் செப்டம்பர், அக்டோபர் என்று இரண்டு மாதம். அத்தை பொய் சொல்லவில்லை. அவர் கைக்குப் பணம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது, அது நிஜம். ஆனால் “நான்கு மாதமாக வரவில்லை, முகவர் எடுத்துக்கொண்டார்” என்று எழுதியிருந்தால், அலுவலகத்தில் கணினியைத் தட்டிப் பார்த்து “பணம் போயிருக்கே” என்று மனுவை ஓரத்தில் வைத்திருப்பார்கள். ஒரு பையன்மீது வீண்பழியும் விழுந்திருக்கும்.

யாருக்கு எழுதுவது என்பதையும் பாஸ்புக்தான் சொல்லும். பணம் கணக்குக்கு வந்து, கைக்கு வரவில்லை என்றால் அது வங்கியிடம் கேட்க வேண்டியது. கணக்குக்கே வரவில்லை என்றால் தாலுகா அலுவலகம்.

அப்புறம் தேதிகள். பெரியவர்கள் தேதி சொல்லமாட்டார்கள், விசேஷம் சொல்வார்கள். அதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள், நாட்காட்டியை வைத்துக்கொண்டால் அது மிகத் துல்லியமான கணக்கு. 2024-ல் ஆடி முதல் தேதி ஜூலை 17. “ஆடி பொறந்த மறுநா” என்றால் ஜூலை 18. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன், அறுவைச் சிகிச்சை தேதி 18.07.2024 என்றே இருந்தது. பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 7. அது கழித்து ஊருக்கு வந்தது செப்டம்பர் 9 என்று மகளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கிளம்பிப் போனது ஜூலை 16.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலை 16 முதல் செப்டம்பர் 9 வரை வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அந்த இடைவெளியில் தலையாரி, அதாவது கிராம உதவியாளர், சரிபார்க்க வந்திருக்கிறார், ‘மகள் வீட்டோடு போய்விட்டார்’ என்று கேள்விப்பட்டுத் திரும்பியிருக்கிறார். செப்டம்பர் முதல் பணம் நின்றிருக்கிறது. அத்தைக்கு அது வேலித் தகராறின் தொடர்ச்சி. மனுவுக்கு அதுதான் உயிர்.

மூன்றாவது: என்ன கேட்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுவது

“ஆவன செய்யவும்”, “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று முடிகிற மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கிற அலுவலர் என்ன செய்ய வேண்டும்? அவர் கையில் இருக்கும் வேலையின் பெயரைச் சொல்லி நாம் கேட்க வேண்டும். “ஊரில் இல்லை” என்று போய்ச் சேர்ந்த தகவல்தான் தடை என்றால், நாம் கேட்க வேண்டியது மறுபடி ஒரு கள விசாரணை. அதன்பேரில் பென்ஷனை மீண்டும் வழங்குவது. அதோடு நின்ற மாதங்களின் நிலுவை. அத்தை விஷயத்தில் கேட்பது இந்த மூன்றும்தான். இதை முதலில் தனித்தாளில் எழுதிவைத்துக்கொண்டால், அத்தை பேச்சில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகப் பிரிந்துவிடும். கண் ஆப்பரேஷன் வேண்டும், ஏனென்றால் வீடு பூட்டியிருந்த காரணம் அது. மருமகனின் நல்ல குணம் வேண்டாம். வேலித் தகராறு வேண்டாம்.

மாத்திரைச் செலவு? இருக்கலாம், ஆனால் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

யாருக்கு என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டில் தாலுகாவுக்கு வட்டாட்சியர் ஒருவர் இருப்பார், அவர் போக சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருப்பார். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷன்கள் எல்லாம் இவர் கையில். “தாசில்தார் அவர்கள்” என்று மட்டும் எழுதினால் மனு அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே மேசை மேசையாகச் சுற்றும். அத்தை கலெக்டருக்கே எழுதச் சொன்னார். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கலாம்தான். ஆனால் அங்கே கொடுத்தாலும் விசாரணைக்கு இந்தத் தனி வட்டாட்சியரிடம்தான் வந்து சேரும். முதல் மனுவை நேராக இவருக்கே கொடுத்துவிட்டு, பதில் இல்லையென்றால் அந்த மனுவின் நகலோடு கலெக்டரிடம் போவதுதான் சரி என்பது என் கருத்து. அத்தையிடம் இதைச் சொன்னபோது, “சரி, மொதல்ல சின்ன ஆபீசரு” என்று ஒத்துக்கொண்டார்.

பென்ஷனின் பெயரையும் ஆணையைப் பார்த்து எழுதுங்கள். அத்தை கணவரை இழந்தவர், ஆனால் வாங்குவது முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம் இல்லை. இரண்டும் வேறு வேறு திட்டம். பேச்சில் எல்லாமே “பென்ஷன்”தான் என்பதால் இதில் தவறு வருவது மிகச் சுலபம்.

நான்காவது: எழுதுவது

அத்தைக்காக எழுதியது இது. பெயர், ஊர், எண்களை மட்டும் புள்ளியாக்கியிருக்கிறேன்.

அனுப்புநர்
...................... (வயது 72),
க/பெ. ...................... (மறைவு),
கதவு எண் ......, ................ தெரு,
................ கிராமம், ................ வட்டம்.
கைப்பேசி: ......................

பெறுநர்
தனி வட்டாட்சியர் அவர்கள்,
சமூகப் பாதுகாப்புத் திட்டம்,
வட்டாட்சியர் அலுவலகம்,
......................

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: முதியோர் ஓய்வூதியம் – செப்டம்பர் 2024 முதல் வரவு வைக்கப்படாமை – மறு கள விசாரணை செய்து மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஓய்வூதிய ஆணை எண் ............, நாள் ............

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். பார்வையில் காணும் ஆணையின்படி மாதம் ரூ.1,200 முதியோர் ஓய்வூதியம் பெற்று வந்தேன். ஆகஸ்ட் 2024 வரை என் வங்கிக் கணக்கில் தொகை வரவானது. செப்டம்பர் 2024 முதல் வரவாகவில்லை.

எனக்கு 18.07.2024 அன்று கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்காக 16.07.2024 முதல் 09.09.2024 வரை ................ ஊரில் உள்ள என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த நாட்களில் கிராம உதவியாளர் சரிபார்ப்புக்கு வந்ததாகவும், வீடு பூட்டியிருந்ததால் நான் ஊரை விட்டுச் சென்றுவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டதாகவும் அண்டை வீட்டார் மூலம் அறிந்தேன். ஓய்வூதியம் நின்றதற்கு இது காரணமாக இருக்கலாம் எனக் கருதுகிறேன். சிகிச்சை முடிந்து 09.09.2024 முதல் என் சொந்த முகவரியிலேயே வசித்து வருகிறேன்.

எனவே, என் முகவரியில் மறு கள விசாரணை செய்து, ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கவும், செப்டம்பர் 2024 முதல் உள்ள நிலுவைத் தொகையை வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வூதியம் வேறு காரணத்தால் நிறுத்தப்பட்டிருந்தால், அந்தக் காரணத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: ................                    இப்படிக்கு,
நாள்: 11.11.2024                    ......................

இணைப்பு (நகல்கள்): 1. ஓய்வூதிய ஆணை 2. வங்கிப் பாஸ்புக், முதல் பக்கமும் ஜூன் 2024 முதலான பக்கமும் 3. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு 4. ஆதார் 5. குடும்ப அட்டை

இரண்டு இடங்களைக் கவனித்துப் பாருங்கள். “அறிந்தேன்”, “காரணமாக இருக்கலாம் எனக் கருதுகிறேன்” என்று எழுதியிருப்பது பயத்தால் இல்லை. அத்தை கண்ணால் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதக்கூடாது. நாம் ஊகித்த காரணம் தப்பாகவும் இருக்கலாம். அதற்காகத்தான் கடைசி வாக்கியம். காரணம் வேறு என்றால் அதை எழுதித் தரும்படி கேட்டுவிட்டோம், மனு வீணாகாது.

இன்னொன்று, “தனியாக வசித்து வருகிறேன்” என்ற வரி. தாலுகா அலுவலக வாசலில் எழுதித் தரும் மனுக்களில் “நான் எவ்வித ஆதரவும் அற்ற அனாதை” என்ற வரி எல்லோருக்கும் பொதுவாக விழும். அத்தைக்கு மகள் இருக்கிறார், அதை அதே மனுவில் நாமே சொல்கிறோம். விசாரணைக்கு வருகிறவருக்கு மகள் இருப்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு வரி பொய்யானால் மருத்துவச் சீட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: தனியாக இருக்கிறார், சிகிச்சைக்காக மகள் வீட்டில் தங்கினார்.

“மேதகு”, “தங்கள் பொற்பாதம் பணிந்து” போன்றவற்றையும் நான் எழுதுவதில்லை. வணக்கமும் மரியாதையான ஒரு விளியும் போதும். ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். எழுத்து தெளிவாக இருந்தால் கையால் எழுதிய மனுவே போதுமானது.

ஐந்தாவது: வாசித்துக் காட்டுவது

இதைத் தவிர்க்காதீர்கள். மனு அவர்களுடையது, கையெழுத்து அவர்களுடையது. நாளைக்கு அலுவலர் “என்னம்மா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மெதுவாக, பத்தி பத்தியாக வாசியுங்கள். மனுவில் உள்ள சொல்லுக்குப் பக்கத்திலேயே வீட்டுச் சொல்லையும் சொல்லுங்கள்: “கள விசாரணைன்னா, அவுங்க திரும்ப வீட்டுக்கு வந்து பார்க்குறது.”

என் முதல் பிரதியில் “கருணை கூர்ந்து வழங்குமாறு” என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். “கருணை என்னத்துக்கு? எனக்குன்னு எழுதுன காசுதானே தாயி?” அடித்துவிட்டு “கேட்டுக்கொள்கிறேன்” என்று மாற்றினேன். பேச்சின் கடைசியில் அவர் சொன்ன “ஓசில கேக்கலை” என்பதை நான் உணர்ச்சி என்று நினைத்து விட்டிருந்தேன். அது மனு எந்தத் தொனியில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்ன குறிப்பு.

மெஷின்காரப் பையன் பெயர் வரவில்லையே என்றும் கேட்டார். பாஸ்புக்கில் அந்த 2,400 ரூபாயைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப அவன் எடுக்கலையா?” என்றார். வேலித் தகராறு வேண்டாம் என்றதற்கு மட்டும் முகம் சுருங்கியது. “அது வேற மனு அத்தை, அது இந்த ஆபீசரு பார்க்கிற வேலை இல்லை” என்றேன். ஒத்துக்கொண்டார். விட்டதை ஏன் விட்டோம் என்று சொல்லாமல் விட்டால், தான் சொன்னதை யாரும் மதிக்கவில்லை என்று நினைப்பார்கள்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்றால் நடுங்கினாலும் கையெழுத்தே போடட்டும். வங்கியில் எப்படிப் போட்டிருக்கிறாரோ அதே மாதிரி. ரேகை வைப்பவர் என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, பக்கத்தில் “இது ........ அவர்களின் இடது கைப் பெருவிரல் ரேகை” என்று எழுதி, கீழே “மனுதாரர் சொல்லக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டியவர்” என்று உங்கள் பெயரும் கையெழுத்தும் போடுங்கள். அவர் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது, எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

கொடுப்பதும் பின்தொடர்வதும்

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அசலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நகலில் தேதியோடு முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். “வச்சுட்டுப் போங்கம்மா, பார்க்கிறோம்” என்பார்கள். கொஞ்சம் நின்று, மரியாதையாக, முத்திரை கேளுங்கள். அந்த முத்திரை இல்லையென்றால் மனு கொடுத்ததற்கு நம்மிடம் ஆதாரமே கிடையாது. இணைப்பில் எல்லாமே நகல்தான், அசல் காகிதங்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

நாங்கள் நவம்பர் 11, திங்கள்கிழமை கொடுத்தோம். அன்றே இரண்டு விஷயம் செய்தோம். பக்கத்து வீட்டுக்குப் போய், யாராவது விசாரிக்க வந்தால் எனக்குப் போன் செய்யச் சொல்லி என் எண்ணைக் கொடுத்தேன். அந்த அம்மா, அத்தை பயந்த மாதிரியெல்லாம் இல்லை, “திரும்பி வராதுன்னுதான் நெனச்சேன்” என்று வருத்தப்பட்டார். இன்னொன்று, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அத்தை ஊரில்தான் இருக்கிறார் என்று முத்திரை வாங்கிய நகலைக் காட்டிவிட்டு வந்தோம். விசாரணை கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும்.

ஒரு மாதம் வரை தகவல் இல்லையென்றால் முத்திரை நகலோடு நேரில் போய்க் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை மனு. இல்லாவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி எண். “என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட காரணம் என்ன, அதற்கான உத்தரவின் நகல் தரவும்” என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் வழி உண்டு. அதற்குப் பத்து ரூபாய்க் கட்டணம், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் விசாரணைக்கு வந்தார்கள், அத்தை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜனவரியில் பணம் வந்தது, ஆனால் அந்த மாதத்துக்கு உரியது மட்டும். நிலுவைக்காக இரண்டாவது மனு எழுதினோம். அதன் பார்வையில் முதல் மனுவின் தேதி 11.11.2024. இந்த முறை அத்தை சொல்லும்போதே, “இது நான் பார்த்தது, இது கேள்விப்பட்டது” என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார்.